உட்சில்லுக்கும் காற்றுப் பார்க்கலாம்: கன்டர் லொறிக்கு வால்வு எக்ஸ்ரென்சன் பூட்டிய அனுபவம்

எங்கள் கன்டர் திருகோணமலை கொட்பேயில் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு பேலியகொடைக்குப் போகிற லொறி. பின்னுக்குச் சோடிச் சில்லு, 7.50-16 ரயர், உள்ளே ரியூப். வெளிச்சில்லுக்குக் காற்றுப் பார்ப்பது ஒரு வேலையே இல்லை. உட்சில்லின் வால்வோ இரண்டு சில்லுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். வெளிச்சில்லின் வட்டில் உள்ள துளையால் பார்த்தால் தெரியும், ஆனால் விரல் போனால் மீற்றர் போகாது, மீற்றர் போனால் வால்வில் நேராக உட்காராது. அதனால் பெரும்பாலான லொறிகளில் நடப்பது ஒன்றுதான்: வெளிச்சில்லுக்குக் காற்று அடிப்பார்கள், உட்சில்லைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுப் போவார்கள்.

உதைத்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. தனிச் சில்லு என்றால் காற்றுக் குறைந்ததும் அடிப்பக்கம் பிதுங்கும், தூரத்தில் நின்றே சொல்லிவிடலாம். சோடியில் ஒன்று இறங்கினால் மற்றது அதன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு நிற்கும். லொறி சரியாது, ரயரும் பிதுங்காது. ஓடும்போதுதான் இறங்கிய ரயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிர்ந்து சூடேறும்.

எங்களுக்கு அது தெரியவந்தது ஹபரணையில். தேநீருக்கு நிறுத்தினால் சில்லுகளைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது எங்கள் டிறைவர் தம்பியின் வழக்கம். வலப்பக்கத்து உட்சில்லு மட்டும் கை வைக்க முடியாத சூடு. அங்கேயே வெளிச்சில்லைக் கழற்றி, ஸ்பெயாரை உள்ளே போட்டுக்கொண்டு பயணத்தை முடித்தார்கள். திரும்பி வந்தபின், ஆறிய அந்த ரயரில் மீற்றரை வைத்தால் 58. பக்கத்தில் ஓடிய வெளிச்சில்லில் 91. நாங்கள் இந்த லொறிக்குப் பின்பக்கம் வைப்பது 90 பிஎஸ்ஐ. (உங்கள் அளவு ரயரின் பிளை எண்ணையும் பாரத்தையும் பொறுத்து வேறாக இருக்கும். கதவோரத் தகட்டையும் ரயரின் பக்கச்சுவரையும் பாருங்கள், என் எண்ணை எடுக்க வேண்டாம்.)

அனுராதபுரச் சந்திப் பக்கம் ரயர்கடை வைத்திருக்கும் அண்ணன் அதற்கு உடனே காற்று அடிக்க விடவில்லை. "அஞ்சில ஒரு பங்குக்கு மேல குறைஞ்சு ஓடினா அது வெறும் ரயரா ஓடின மாதிரித்தான். கழட்டி உள்ளுக்குப் பாக்காம ஊத மாட்டன்" என்றார். சரியான பேச்சு. 90-க்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 72. அதற்குக் கீழே பாரத்தோடு ஓடிய ரயரில் பக்கச்சுவரின் நூல்கள் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கலாம். திரும்பவும் காற்று ஏறும்போதுதான் அது வெடிக்கும், அப்போது பக்கத்தில் நிற்பது காற்று அடிப்பவர். இந்த 16 அங்குல றிம்மில் பக்க வளையம் ஒன்று தனியாக வருவதால் ஆபத்து இன்னும் கூட. ரயரைக் கழற்றியபோது உள்ளே கறுத்த ரப்பர் தூள், ஒரு கைப்பிடி இருக்கும். பக்கச்சுவரின் உட்புறத்தில் சுற்றிவர ஒரு மடிப்புக் கோடு. ரியூப்பில் ஓட்டையே இல்லை, வால்வு ஊசிதான் மெல்லக் கசிந்திருக்கிறது. சின்னஞ்சிறு ஊசி ஒன்றுக்காக நல்ல கட்டையுள்ள ரயர் ஒன்று போனது. உள் வால்வைக் கைக்கு எட்டும்படி வெளியே நீட்டித் தருகிற குழாய், அதாவது வால்வு எக்ஸ்ரென்சன், பூட்டுவது என்று முடிவெடுத்தது அன்றுதான்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். நீளமான குழாயின் முனையில் முன்பக்கம் ஒரு வாய், பின்பக்கம் ஒரு வாய் உள்ள காற்றடிக்கும் தலை கிடைக்கிறது. சோடிச் சில்லுக்கென்றே செய்தது அது. உங்கள் லொறியில் அது துளையால் போய் உள் வால்வில் ஒழுங்காக உட்காருமென்றால், எக்ஸ்ரென்சனே வேண்டாம். பூட்டுகிற ஒவ்வொரு இணைப்பும் கசியக்கூடிய இன்னோர் இடம். எங்கள் சில்லில் துளை சிறியது, உள் வால்வு வளைந்து நிற்கும் கோணமும் ஒத்துவரவில்லை. அதனால்தான் இந்த வழிக்கு வந்தோம்.

கடையில் போய்க் கேட்டால் நீளம், விலை, மினுக்கம் என்றுதான் பேச்சுப் போகும். உண்மையில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் கம்பியை. எக்ஸ்ரென்சனில் இரண்டு சாதி. முதலாவதில் குழாயின் நடுவே ஒரு நீண்ட கம்பி முன்னும் பின்னும் ஓடும். வெளிமுனையில் மீற்றரை வைத்து அழுத்தினால் கம்பி உள்ளே போய் ரயரின் வால்வு ஊசியைத் தள்ளும், கையை எடுத்தால் ஊசி தானாக மூடிக்கொள்ளும். ஓடும்போது குழாயில் காற்றழுத்தமே இருக்காது. குழாய் உடைந்தாலும் ரயர் இறங்காது. நேரான, விறைப்பான குழாய்கள்தான் பெரும்பாலும் இப்படி வரும்.

இரண்டாவதில் அடிமுனையில் அசையாத முளை ஒன்று. அதை வால்வில் முறுக்கிய கணத்திலிருந்து ஊசி திறந்தே இருக்கும். காற்றை அடைத்து நிற்பது குழாயின் வெளிமுனையில் உள்ள இன்னோர் ஊசி. அதாவது, அந்தக் குழாய் முழுவதும் இப்போது ரயரின் ஒரு பாகம். 90 ரயருக்குள் இருந்தால் குழாய்க்குள்ளும் 90. குழாய் வெடித்தாலோ தேய்ந்து ஓட்டையானாலோ சில்லு இறங்கும். வளையக்கூடிய ரப்பர் குழாய், எஃகுப் பின்னல் போட்ட குழாய் எல்லாம் இந்தச் சாதிதான். வளைகிற குழாய்க்குள் கம்பியைத் தள்ள முடியாதே.

எது எதுவென்று கையில் எடுத்ததும் கண்டுபிடிக்கலாம். வெளிமுனையை ஒரு சிறு ஆணியால் அழுத்துங்கள். அடிமுனையில் கம்பி வெளியே நீண்டு வந்தால் முதலாவது. அடிமுனையில் ஒன்றும் அசையாமல், அடிவாய்க்குள் ஒரு முளை நிலையாகத் தெரிந்தால் இரண்டாவது.

முதலாவது பாதுகாப்பானது என்றால் அதையே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நேரான குழாய் எங்கள் துளைக்கு வரவில்லை. வளைந்த வால்விலிருந்து அது துளையின் விளிம்பில் போய் முட்டியது. முட்டிக்கொண்டு சுழல்கிற குழாய் வால்வின் கழுத்தையே நெம்பும். உங்களுக்கு நேர்க்குழாய் எங்கும் முட்டாமல் வருமென்றால் நான் அதைத்தான் சொல்வேன். நாங்கள் பின்னல் போட்ட குழாய்க்குப் போனோம், ஆனால் அது ரயரின் பாகம் என்பதை நினைவில் வைத்தே மற்ற வேலையெல்லாம் செய்தோம்.

நீளத்தை மனக்கணக்கில் வாங்கக் கூடாது. வெளிச்சில்லைக் கழற்றாமலே, விறைப்பான மின்கம்பித் துண்டு ஒன்றை உள் வால்வின் வாயிலிருந்து துளை வழியாக வெளியே எடுத்து, குழாயின் முனை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வளைத்துக் குறி வைத்தோம். அந்தக் கம்பியைக் கடைக்குக் கொண்டுபோய் அதன் நீளத்துக்கு வாங்கினோம். நீண்டால் தொய்ந்து எங்காவது உரசும், குறைந்தால் வால்வை இழுத்துப் பிடிக்கும். முனை வெளிச்சில்லின் குழிக்குள்ளேயே நிற்க வேண்டும். ரயரின் பக்கச்சுவரைத் தாண்டி வெளியே நீட்டினால் ஒருநாள் நடைபாதைக் கல்லோ இன்னொரு லொறியோ பிடுங்கிவிடும்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் ஊரில் மீன் லொறி என்றால் பெட்டியிலிருந்து உப்பும் ஐஸும் கலந்த தண்ணீர் வழிந்துகொண்டேதான் இருக்கும், அது நேரே போய்ச் சேரும் இடம் பின்சில்லு. மலிவாகக் கிடைத்த, வெள்ளிபோல் மினுங்கும் எக்ஸ்ரென்சன் ஒன்றை முதலில் வாங்கிச் சும்மா கொட்பேயில் ஒரு வாளி உப்புத்தண்ணீருக்குள் போட்டு வைத்தேன். பூச்சு உரிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் பொருக்கு விட்டது. நாக உலோகக் கலவைக்கு மேல் மினுக்கம் பூசியிருக்கிறார்கள். ரியூப்பின் வால்வு பித்தளை. பித்தளையோடு அலுமினியமோ நாகமோ உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டு நின்றால் அரிப்பு பித்தளையில் அல்ல, அந்த மற்ற உலோகத்தில்தான் விழும். கடைசியில் பித்தளை மரையுள்ள குழாயாகத் தேடி எடுத்தோம். மூடியிலும் இதே கதைதான். அழகான அலுமினிய மூடிகள் சில மாதத்தில் வால்வோடு ஒட்டிப்போகும், குறட்டால் திருகினால் வால்வும் சேர்ந்து முறியும். பித்தளை மூடி, உள்ளே ரப்பர் வளையத்தோடு, அதுதான் இந்த ஊருக்குச் சரி.

இனிப் பூட்டிய விதம். லொறியைச் சமதரையில் நிறுத்தி முன்சில்லுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஜக் போட்டு, அச்சுக்குக் கீழே முட்டும் வைத்தோம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நட் வருகிற லொறி இது. வெளிநட்டைக் கழற்றினால் வெளிச்சில்லு வரும், உட்சில்லு உள்ளே உள்ள நீண்ட சதுரத் தலை நட்டில் நிற்கும். இடப்பக்கச் சில்லுகளுக்கு மரை எதிர்ப்பக்கம், கழற்ற வலஞ்சுழியாகத் திருக வேண்டும். இது தெரியாமல் குழாய் போட்டு நெம்பி ஸ்ரட்டை முறித்தவர்கள் நிறையப் பேர். வெளிச்சில்லு கழன்ற கையோடு உள்நட்டுகளின் இறுக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது எட்டுகிற ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

உட்சில்லு வெளியே தெரிந்ததும் முதல் வேலை வால்வை உற்றுப் பார்ப்பது. றிம்மின் பள்ளத்துக்குள் வால்வு நேராக நிற்கிறதா, கழுத்தில் வெடிப்பு உண்டா, பிறேக் டிறம்மில் உரசிய அடையாளம் உண்டா. பிறகு வால்வின் மரையைப் பித்தளைத் தூரிகையால் துடைத்து, வால்வு ஊசியைப் புதிதாக மாற்றினோம். காற்று சீக்கிரம் ஏறட்டும் என்று அந்த ஊசியைக் கழற்றிவிட்டு எக்ஸ்ரென்சனைப் பூட்டுகிறவர்களும் உண்டு. நான் விட்டுவைத்தேன். குழாயைக் கழற்றும்போது ஊசி தானாக மூடிக்கொள்ளும், ரயரில் காற்று நிற்கும். ஊசி இல்லையென்றால் கழற்றிய கணமே எல்லாம் போய்விடும். காற்று கொஞ்சம் மெதுவாக ஏறுவதில் எனக்குக் குறையில்லை.

குழாயின் அடிமுனையைக் கையால்தான் முறுக்கினோம். கடைசியில் சிறு சாவியால் ஒரு கொஞ்சம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நசுங்கினால் போதும். இரும்புக் குறட்டால் இறுக்கினால் வளையம் கிழியும்.

அப்புறம் வெளிச்சில்லு. துளை ஒன்று உள் வால்வுக்கு நேரே வரும்படி பிடித்து, இரண்டு வால்வும் முடிந்த மட்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கும்படி பார்த்து ஏற்ற வேண்டும். குழாயைத் துளையால் வெளியே எடுத்துவிட்டுச் சில்லை நட்டில் உட்கார வைத்தோம். குழாய் இடையில் நசுங்காமல் பார்க்க ஒருவர் தனியாகவே நின்றார்.

குழாயின் வெளிமுனையைப் பிடித்து வைக்கும் வேலையில்தான் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள். கணக்குப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். இந்த அளவு ரயர் 60 கிலோமீற்றர் வேகத்தில் சுழலும்போது, வால்வு நிற்கும் தூரத்தில் ஒரு பொருளை வெளிப்பக்கம் இழுக்கும் விசை அதன் எடையைப் போலச் சுமார் 30 மடங்கு. 50 கிராம் குழாய் ஒன்றரைக் கிலோ எடைபோல இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. பிடிப்பு இல்லாத குழாய் றிம்மில் அடித்து அடித்துத் தேயும், அல்லது வால்வின் கழுத்தை ஆட்டி ஆட்டி ரியூப்போடு சேரும் இடத்தில் கிழிக்கும். அதை ரியூப் பஞ்சர் என்று ஒட்டிக்கொண்டே இருப்பார்கள், காரணம் வெளியே தொங்கும்.

கடையில் தருகிற தகட்டுப் பிடி ஒன்று சில்லு நட்டுக்கு அடியில் போடுகிற மாதிரி வந்தது. அதை நான் எறிந்துவிட்டேன். இது உருண்டை முகத்தோடு குழிக்குள் உட்காருகிற நட். நடுவில் தகடு போனால் அது ஒழுங்காக உட்காராது, ஓட ஓட இளகும். காற்றுப் பார்க்க வசதி தேடிச் சில்லையே கழற்றி விடுகிற வேலை அது. துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் அடைப்பு ஒன்று போட்டு, அதன் நடுவால் குழாயை எடுத்தோம். குழாய் ரப்பரில் மட்டுமே தொட வேண்டும், உலோகத்தில் எங்கும் தொடக் கூடாது. சில்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். பிறேக் டிறம் பக்கம் குழாய் சாயவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம், அந்தச் சூடு ரப்பருக்கு ஆகாது. இறக்கியபின் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, கந்தளாய் வரை ஓடிவிட்டு வந்து திரும்பவும் இறுக்கினோம்.

நான்கு பின்சில்லிலும் 90 வைத்து, எல்லா முனைக்கும் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தபோது ஒன்றும் காட்டவில்லை. மறுநாள் விடிய, வெயில் ஏறுமுன் பார்த்தால் இடப்பக்க உட்சில்லில் 90, வலப்பக்க உட்சில்லில் 82. இங்கேதான் கேள்வி: போகிற காற்று எதனால் போகிறது? ரியூப்பா, வெளிமுனை ஊசியா, அடி இணைப்பா?

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வெளிமுனையில் நுரை வைத்தோம், குமிழி இல்லை. அதனால் அந்த ஊசி சரி. வெளிச்சில்லைக் கழற்றி எக்ஸ்ரென்சனை எடுத்துவிட்டு, வால்வில் ரப்பர் வளையமுள்ள பித்தளை மூடியைப் போட்டு, 90 வைத்து ஓர் இரவு விட்டோம். காலையிலும் 90. அப்படியென்றால் ரியூப்பும் சரி, பிழை அடி இணைப்பில். திரும்ப எக்ஸ்ரென்சனைப் பூட்டி, இம்முறை அடியில் நுரையை வைத்துவிட்டுப் பொறுமையாகக் குந்தியிருந்தோம். உடனே ஒன்றும் தெரியவில்லை. தேநீர் குடித்து முடிக்கிற நேரத்தில் வால்வின் ஒரு பக்கத்தில் மட்டும் கடுகு மாதிரி மூன்று நான்கு குமிழிகள் கோத்து நின்றன. முதல் நாள் நுரை வைத்து உடனே துடைத்ததால்தான் அது தப்பியது.

இன்னும் இறுக்கினால் நின்றுவிடும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். கழற்றி, வால்வின் வாயை நகத்தால் சுற்றித் தடவினால் ஓர் இடத்தில் நகம் தடக்கியது. காற்றடிக்கும் தலையைச் சரித்துச் சரித்துக் குத்தியதில் விளிம்பு அங்கே உள்ளே மடிந்து ஒரு மிதப்பு விட்டிருக்கிறது. ரப்பர் வளையம் அந்த மிதப்பின் மேல் ஏறி, இரு பக்கத்திலும் மயிரளவு இடைவெளி. எவ்வளவு இறுக்கினாலும் வளையம்தான் வெட்டுப்படும். ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, மெல்லிய அரத்தால் அந்த மிதப்பை மட்டும் மட்டமாக்கி, தூளை ஊதித் துடைத்து, புது ஊசியும் புது வளையமும் போட்டோம். அதன்பின் அந்தச் சில்லு நிற்கிறது.

இப்போது வாரம் ஒருமுறை, கொட்பேயில் ஐஸ் ஏற்றுமுன், சில்லு ஆறியிருக்கும் விடியற்காலையில் நான்கிற்கும் மீற்றர் வைக்கிறோம். ஓடி வந்த சூட்டில் 100-க்கு மேல் காட்டினால் அது இயல்பு, காற்றை இறக்கக் கூடாது. இறக்கினால் ஆறியபின் குறைந்து நிற்கும். முனைகளை நல்ல தண்ணீரால் கழுவி, மூடியின் மரையில் கொஞ்சம் சிலிக்கன் கிறீஸ் பூசுகிறோம். குழாயின் பின்னலில் ஒரு நூல் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலே மாற்றிவிட வேண்டும், அது எங்கோ உரசுகிறது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

வேறு கடையில் பஞ்சர் ஒட்டக் கொடுக்கும்போது கவனம். வெளிச்சில்லை இழுப்பதற்கு முன் ரப்பர் அடைப்பைக் கழற்றிக் குழாயை உள்ளே தள்ள வேண்டும். தெரியாத பொடியன் சில்லை அப்படியே இழுத்தால் குழாயும் வால்வும் சேர்ந்து வரும். துளைக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்ரில் ஒரு வளையம் கீறி வைத்திருக்கிறோம், டிறைவரும் வாயால் சொல்லிவிடுவார். இன்னொன்று ஸ்பெயார். வழியில் அதை உள்ளே போட நேர்ந்தால் அதன் வால்வில் எக்ஸ்ரென்சன் இருக்காது. அதனால் அதே நீளக் குழாய் ஒன்று, இரண்டு மூன்று வால்வு ஊசி, ஊசி கழற்றும் சாவி, ரப்பர் வளையங்கள் எல்லாம் ஒரு பழைய ரின்னில் போட்டு டிறைவர் ஆசனத்துக்குப் பின்னால் கிடக்கின்றன.